தண்ணீர்த் தொட்டியா? கொசுவின் தொட்டிலா?

சென்ற நவம்பர் மாதத்தில் எங்கள் வகுப்பின் மூன்றாம் பெஞ்சில் ஓரிடம் பன்னிரண்டு நாட்கள் காலியாக இருந்தது. அங்கே உட்காரும் தோழி டெங்குக் காய்ச்சலால் மருத்துவமனையில் இருந்தாள். காலை ஜெபத்தில் அவளுக்காக நாங்கள் மன்றாடினோம். அவள் மெலிந்த முகத்தோடு திரும்பி வந்தபோது, அறிவியல் கற்பிக்கும் சிஸ்டர் எங்களில் ஆறு பேரை அழைத்து, "ஜெபம் செய்தீர்கள், நல்லது. இனி வேலையும் செய்யுங்கள். பெற்றோர் கூட்டத்தில் காட்ட, தேங்கிய தண்ணீரைப் பற்றி நான்கு நிமிடப் படம் ஒன்று எடுங்கள்" என்றார். படம் பிடிக்கத் தம் கைப்பேசியைக் கொடுப்பதாகவும் சொன்னார். அந்தப் படத்திற்கு நாங்கள் எழுதிய வசனத்தையும், அதை எழுதும்போது கற்றுக்கொண்டதையும் இங்கே தருகிறோம்.

முதற்பிரதியில் நாங்கள் செய்த பிழை

எங்கள் முதற்பிரதி சாக்கடையில் தொடங்கியது. கறுத்த நீர், குப்பை மேடு, அதன்மேல் கொசுக்கூட்டம் என்று எழுதி, "அசுத்தமே டெங்குவின் தாய்" என்று முடித்திருந்தோம். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவள் வீட்டுப் பக்கம் சாக்கடை இருக்கிறதா?"

இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டு முற்றம் எங்கள் வீட்டு முற்றங்களைவிடச் சுத்தமானது. தினமும் இரு வேளை பெருக்குகிறார்கள். குப்பை என்று ஒரு காகிதம்கூடக் கிடக்காது.

பிறகுதான் சிஸ்டர் விளக்கினார். சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ் என்னும் கொசு. அது இரவில் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்பும். டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் ஈஜிப்தி என்னும் வேறு கொசு. அதன் உடல் கறுப்பு. கால்களில் வெள்ளை வளையங்கள் இருக்கும். அது பகலில் கடிக்கும். அதிலும் காலை வேளையிலும் மாலை மங்கும் முன்பும் மிகுதியாகக் கடிக்கும். சாக்கடையை அது நாடுவதில்லை. மனிதர் சேர்த்து வைத்த தெளிந்த தண்ணீரை நாடி வந்து முட்டையிடும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஆகவே நம்மைக் கடித்த கொசு நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு முன்பே பெரியவர்களும் இதே பிழையைச் செய்திருக்கிறார்கள். கியூபா நாட்டின் தலைநகரான ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் என்னும் கொடிய நோய் இருந்தது. அதைப் பரப்பியதும் இதே ஏடிஸ் ஈஜிப்திதான். 1898-க்குப் பிறகு நகரத்தை நிருவகித்த அமெரிக்கர்கள் தெருக்களையும் சாக்கடைகளையும் கழுவித் துடைத்தார்கள். ஆனால் 1900-இல் நோய் மீண்டும் பெருகியது. கொசுவே இதைப் பரப்புகிறது என்று கார்லோஸ் பின்லே என்ற கியூபா மருத்துவர் 1881-லேயே கூறியிருந்தார். வால்ட்டர் ரீட் என்பவரின் குழு 1900-இல் சோதனை செய்து அதை உண்மையென்று காட்டியது. அதன்பின் 1901-இல் வில்லியம் கோர்கஸ் என்ற மருத்துவ அதிகாரியின் ஆட்கள் வீடு வீடாகச் சென்று தண்ணீர்ப் பீப்பாய்களை மூடச் செய்தார்கள். தேவையற்ற தண்ணீரைக் கொட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் நின்றது. தெருவைக் கழுவியபோது போகாத நோய், பீப்பாயை மூடியபோது போயிற்று.

முதற்பிரதியைக் கிழித்துப் போட்டோம்.

கண்ணாடிப் பாட்டில் கற்பித்தது

தோழியின் வீட்டுக் குளியலறையில் இருநூறு லிட்டர் பிடிக்கும் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருக்கிறது. அவள் அம்மாவின் அனுமதியோடு டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. "பார்த்தீர்களா, சுத்தமான தண்ணீர்" என்றார் அவள் அம்மா. ஆனால் எங்கள் நிழல் பட்டதும் புழுக்கள் அடியில் இறங்கிவிட்டன என்பது பிறகுதான் தெரிந்தது. அசையாமல் இரண்டு நிமிடம் காத்திருந்தோம். ஒவ்வொன்றாக நெளிந்து நெளிந்து மேலே வந்து, தலை கீழாகத் தொங்கி, வாலில் உள்ள குழாயால் மூச்சு விடத் தொடங்கின. அவள் அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, வாயில் வலைத் துணியை இரட்டையாக மடித்து இறுகக் கட்டி, ஆய்வுக்கூடத்தில் வைத்தோம். திங்கட்கிழமை நூல் துணுக்குப் போல இருந்த சின்னஞ்சிறு புழுக்கள் வியாழக்கிழமை அரிசி நீளம் வளர்ந்தன. சனிக்கிழமை சில புழுக்கள் காற்புள்ளி வடிவில் சுருண்டன; அதுதான் கூட்டுப்புழு. அந்த நிலையில் அது ஒன்றும் தின்பதில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் வலையின் அடியில் கறுப்பு வெள்ளைக் கால்களோடு மூன்று கொசுக்கள் உட்கார்ந்திருந்தன. சிஸ்டர் உடனே பாட்டிலைக் கொதிநீரில் அமிழ்த்தி அனைத்தையும் கொன்றுவிட்டார். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரம் ஒருமுறை என்று சொல்வதன் காரணம் இதுதான்.

எங்களை அதிகமாக வியக்க வைத்தது முட்டையே. பெண் கொசு முட்டைகளைத் தண்ணீரின் மேல் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பாத்திரச் சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கிறது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டைகள். அவற்றையும் ஒரே பாத்திரத்தில் இடாமல் பல இடங்களில் பிரித்து இடும். ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கரும்புள்ளி.

இதை நேரில் காண, ஒரு கறுப்புக் குவளையின் உட்புறம் சொரசொரப்பான காகிதத்தைச் சுற்றி, பாதி தண்ணீர் ஊற்றி, தோட்டத்து நிழலில் ஐந்து நாட்கள் வைத்தோம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே காகிதத்தில் மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருந்தன. தண்ணீரைக் கொட்டிவிட்டு, காகிதத்தை உலர்த்தி, உறையில் போட்டு மூன்று வாரம் அலமாரியில் வைத்தோம். பிறகு அதை ஒரு பாட்டில் தண்ணீரில் அமிழ்த்தி, வாயை வலையால் கட்டி வைத்தோம். மறுநாள் காலையில் புழுக்கள் நெளிந்தன! இந்த முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்று சிஸ்டர் சொன்னார். எல்லாம் ஒரே தடவையில் பொரிவதுமில்லை. சில முட்டைகள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை நனைந்த பிறகே பொரியும். அந்தப் பாட்டிலுக்கும் கொதிநீர்தான் முடிவு.

அப்போதுதான் எங்கள் இரண்டாம் பிரதியும் தவறு என்று தெரிந்தது. "தேங்கிய நீரைக் கொட்டுங்கள்" என்று மட்டும் அதில் எழுதியிருந்தோம். கொட்டினால் புழு போகும். சுவரில் ஒட்டிய முட்டை போகாது. அடுத்த முறை தண்ணீர் நிரப்பும்போது அது பொரியும். ஆகவே கொட்டுவது பாதி வேலைதான், தேய்ப்பது மறுபாதி.

நீல டிரம்மின் கணக்கு

இரண்டாம் பிரதியில் இன்னொரு வரியும் இருந்தது. "சனிக்கிழமைதோறும் டிரம்மைக் காலி செய்து கழுவுங்கள்." இதைத் தோழியின் அம்மாவிடம் படித்துக் காட்டினோம். அவர் சிரித்துவிட்டார். "பிள்ளைகளா, எங்கள் தெருவில் நாலு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணி வருது. வெள்ளிக்கிழமை வந்த தண்ணியைச் சனிக்கிழமை கொட்டச் சொல்றீங்களே. அப்புறம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் எதை வெச்சுச் சமைப்பேன்?"

அவர் சொன்னது நியாயமே. ஆகவே அந்த டிரம்மின் கணக்கை அவரோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். தண்ணீர் வரும் நாளில் டிரம் நிறைகிறது: இருநூறு லிட்டர். நாளொன்றுக்கு நாற்பது லிட்டர் கோரி எடுக்கிறார்கள். மட்டம் இறங்க இறங்க ஈரச் சுவர் வெளிப்படுகிறது. அங்கே கொசு முட்டையிடுகிறது. நான்காம் நாள் இரவில் அடியில் நாற்பது லிட்டர் மிச்சம் இருக்கும். மறுநாள் காலையில் அந்த அடித்தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை நிரப்புகிறார்கள். மட்டம் ஏறியதும் சுவரில் ஒட்டிய முட்டைகள் மூழ்கிப் பொரிகின்றன. அடித்தண்ணீரில் இருந்த பழைய புழுக்களும் சாகாமல் வளர்கின்றன. அதாவது, கொசு வளர்ப்பதற்கென்றே யாரோ வகுத்த முறை போல அது நடந்துகொண்டிருந்தது. அந்த டிரம்மின் அடி எப்போது கடைசியாகக் காய்ந்தது என்று கேட்டோம். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது என்றார்.

கணக்கு எழுதியபோதே வழியும் கிடைத்தது. தண்ணீர் மிகக் குறைவாக இருப்பது, குழாய் வருவதற்கு முந்தின இரவில். அந்த நாற்பது லிட்டரையும் கீழே கொட்ட வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டி வாளிகளில் எடுத்து, துணி துவைக்கவும் கழிவறைக்கும் அன்றே பயன்படுத்திவிடலாம். துணியில் தங்கும் புழுக்களைக் காய்ந்த மண்ணில் உதறினால் சிறிது நேரத்தில் செத்துவிடும். பிறகு டிரம்மைச் சாய்த்து, பிளீச்சிங் பவுடரையும் சலவைப் பொடியையும் சிறிது தண்ணீரில் குழைத்து, உள் சுவர் முழுவதும், முக்கியமாக மேல் விளிம்பிலிருந்து பாதி வரை, பூச வேண்டும். பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, இரண்டு முறை அலச வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். அலசிய பின் இரவு முழுவதும் டிரம்மைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இதற்குச் செலவான தண்ணீர் ஒன்றரை வாளி. நேரம் இருபத்தைந்து நிமிடம்.

"ஒரு தடவை விட்டு ஒரு தடவை செய்தால் போதாதா?" என்று அவள் அம்மா கேட்டார். நான்கும் நான்கும் எட்டு. ஏழாம் நாளே கொசு பறந்துவிடக் கூடும். ஆகவே இந்த வீட்டுக்கு ஒவ்வொரு தடவையும் செய்வதே கணக்கு. வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் தெருவுக்கும் அதே கணக்குத்தான். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் இடத்தில் இடையில் காலி செய்ய முடியாது. அங்கே மூடியே காவல்.

மூடியைப் பற்றியும் ஒரு சொல். அவள் வீட்டு டிரம்முக்கு மூடி இருந்தது. ஆனால் குழாய் விடுவதற்காக அதன் ஓரத்தில் வெட்டிய துளை கை நுழையும் அளவு இருந்தது. கொசுவுக்கு அது வாசற்கதவு! பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்து டிரம்மின் வாயில் போட்டு, கயிற்றால் இறுகக் கட்டினோம். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த ஈரத்துணியிலேயே கொசு முட்டையிடும்.

கெபியின் பூச்சாடிகள்

பிறர் வீட்டைப் பார்த்தாயிற்று. பள்ளியையும் பார்ப்போமே என்று டார்ச்சோடு கிளம்பினோம். வகுப்பறைகளில் ஒன்றும் இல்லை. மாதா கெபியின் முன் நின்றபோது எங்களுக்குத் திக்கென்றது. அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் நாங்களே வைத்த பூச்சாடிகள் பதினான்கு இருந்தன. பூக்களை மாற்றினோமே தவிரத் தண்ணீரை மாற்றவில்லை. குறைந்தபோது மேலே ஊற்றினோம். பதினான்கில் ஐந்து சாடிகளில் புழுக்கள் நெளிந்தன. காலை இடைவேளையில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து சிற்றுண்டி உண்ணும் இடமும் அதுவே.

இதைச் சொல்லவா, மறைக்கவா என்று தயங்கினோம். கோவில் அலங்காரத்தைக் கவனிக்கும் முதிய சிஸ்டரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. சிறிது நேரம் கழித்து, "மற்றவர்கள் வீட்டு டிரம்மைக் காட்டுகிறீர்களே, இதையும் காட்டுங்கள். நாம் முதலில் ஒத்துக்கொண்டால்தான் அவர்கள் கேட்பார்கள்" என்றார். அன்றே எல்லாச் சாடிகளையும் தேய்த்துக் கழுவி, தண்ணீருக்குப் பதிலாக ஈர மணலை நிரப்பினோம். பூக்கள் மணலில் வாடாமல் நிற்கின்றன. கொசுவுக்கோ அங்கே நீந்த இடமில்லை. கல்லறைத் திருநாளில் வைக்கும் பூச்சாடிகளுக்கும் இதுவே ஏற்றது. அந்தத் திருநாள் நவம்பர் 2-இல், வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. அன்று வைத்த சாடிகளை அதன்பின் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் படத்தின் வசனம்

காட்சி 1
படம்: பெருக்கிக் கோலமிட்ட முற்றம். மல்லிகைச் செடி. தோழி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.
குரல்: இந்த வீட்டில் குப்பை இல்லை. பக்கத்தில் சாக்கடை இல்லை. ஆனாலும் இவளுக்கு டெங்கு வந்தது. கொசு எங்கிருந்து வந்தது?

காட்சி 2
படம்: இருண்ட குளியலறை. டார்ச் ஒளி டிரம்முக்குள் விழுகிறது. முதலில் வெறும் தண்ணீர். பிறகு புழுக்கள் மேலே வருகின்றன. (இதை வெட்டாமல் அப்படியே காட்ட வேண்டும்.)
குரல்: ஒளியை அடியுங்கள். அசையாதீர்கள். நூற்றிருபது வரை எண்ணுங்கள். இதோ, வருகின்றன.

காட்சி 3
படம்: கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வட்டமாக நான்கு ஓவியங்கள்: முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. ஒரு கை அம்புக்குறிகளை வரைகிறது. நடுவில் "7 நாள்" என்று எழுதுகிறது.
குரல்: முட்டை கொசுவாக ஏழு நாள் போதும். அதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

காட்சி 4
படம்: கண்ணாடி ஜாடி. உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கறுப்பு எள்ளைப் பசையால் ஒட்டியிருக்கிறோம். ஒரு கை தண்ணீரைக் கொட்டுகிறது; எள் அப்படியே இருக்கிறது. மீண்டும் நிரப்புகிறது, எள் தண்ணீருக்குள் மூழ்குகிறது. தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை கலந்தால் மட்டம் நன்றாகத் தெரியும்.
குரல்: இந்த எள்தான் முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டினோம், போகவில்லை. நிரப்பினோம், மூழ்கியது, பொரிந்தது. தேய்த்தால்தான் போகும். (நார் கொண்டு தேய்க்கும் கை.)

காட்சி 5
படம்: தோழியின் அம்மா அடித்தண்ணீரை வடிகட்டுகிறார், பூசுகிறார், தேய்க்கிறார், கவிழ்க்கிறார். மறுநாள் நிரப்பித் துணி கட்டுகிறார்.
அம்மாவின் குரல்: குழாயில் தண்ணி வர்றதுக்கு முந்தின ராத்திரி இதைச் செய்றேன். ஒரு குடம் தண்ணியைக்கூட நான் வீணாக்கலே.

காட்சி 6
படம்: ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி. பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு. எறும்பு ஏறாமல் அலமாரிக் கால்களுக்கு வைத்த கிண்ணங்கள். கொல்லையில் கிடக்கும் சிரட்டை. குழியில் மழைநீர் நிற்கும் ஆட்டுக்கல்.
குரல்: தட்டை வாரம் ஒருமுறை கழற்றித் தேய்ப்போம். கிண்ணத்தில் ஒரு கைப்பிடி உப்புப் போடுவோம். சிரட்டையைக் கவிழ்ப்போம். ஆட்டுக்கல்லைத் துடைத்து மூடுவோம்.

காட்சி 7
படம்: மாதா கெபி. சீருடை அணிந்த மாணவிகள் சாடிகளைத் தேய்த்து மணல் நிரப்புகிறார்கள்.
குரல்: எங்கள் பள்ளியிலும் இருந்தது. நாங்களே வைத்த பூச்சாடியில் இருந்தது. இன்று மாலை உங்கள் வீட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பீர்களா?

படம் சொல்லாமல் விட்டவை

நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்ல இயலவில்லை. கிணற்றையும் பெரிய தரைத்தொட்டியையும் வாரம் ஒருமுறை காலி செய்ய எவராலும் முடியாது. தரைத்தொட்டிக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் இடைவெளி இல்லாத மூடி வேண்டும். கிணற்றில் கப்பி மீன்களை விட்டால் அவை புழுக்களைத் தின்னும். சுகாதாரப் பணியாளர்கள் தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்து, உரிய அளவில் ஊற்றினால் புழுவைக் கொல்லும், மனிதருக்குத் தீங்கில்லை. அந்த அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் மருந்து. அதை நாமே வாங்கிக் கைக்கு வந்தபடி போடக் கூடாது. ஆனால் அவர்கள் ஊற்றிய மறுநாளே தொட்டியைக் கழுவி நிரப்பினால் மருந்தும் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தெருவில் அடிக்கும் புகை அப்போது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். டிரம்முக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. புகையடித்த மூன்றாம் நாளே புதிய கொசுக்கள் வருவது அதனால்தான்.

படத்தைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டினோம். தோழியின் அம்மா திரையில் தோன்றியபோது கூட்டத்தில் சிலர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் தலை குனியவில்லை. ஒரு மாதம் கழித்து, எங்கள் ஆறு பேரின் தெருக்களிலும் ஆளுக்கு ஐந்து வீடுகளாக முப்பது வீடுகளைப் பார்த்தோம். இருபத்தொரு வீடுகளில் டிரம் சுத்தமாக இருந்தது. ஏழு வீடுகளில் கட்டிய துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வீடுகளில் தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள், சுவரைத் தேய்க்கவில்லை, புழு இருந்தது. ஆகவே துணி கட்டும் காட்சியை இன்னும் பத்து விநாடி நீட்டி, தொய்ந்த துணியையும் இறுகிய துணியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி மறுபடியும் எடுத்திருக்கிறோம்.

தோழியின் வீட்டுச் சமையலறைக் கதவில் இப்போது சுண்ணக்கட்டியால் வரிசையாகத் தேதிகள் எழுதியிருக்கின்றன. குழாய் வந்த நாளுக்கு ஒரு கோடு, டிரம் தேய்த்த நாளுக்கு ஒரு சிலுவைக்குறி. நாங்கள் கடைசியாகப் போனபோது இரண்டும் சமமாக இருந்தன. அவளே டார்ச்சை எடுத்து டிரம்முக்குள் அடித்து, வாய்விட்டு நூற்றிருபது வரை எண்ணினாள். தண்ணீர் அசையவில்லை.